டெலிவரி வேலையில் ஒரு மணி நேரத்தின் உண்மையான வருமானம்

கேள்வி: ஒன்றரை ஆண்டாக மோட்டார் சைக்கிளில் டெலிவரி வேலை பார்க்கிறேன். வாரக் கடைசியில் செயலி காட்டும் தொகையில் பெட்ரோல் செலவைக் கழித்து, அதே செயலி காட்டும் மணிக்கணக்கால் வகுத்தால் நல்ல வருமானமாகத்தான் தெரிகிறது. ஆனால் போன மாதம் பின் டயரையும் செயினையும் ஒன்றாக மாற்ற வேண்டி வந்ததில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. வண்டிக் கடன் தவணை வேறு ஓடுகிறது. நான் உண்மையில் மணிக்கு எவ்வளவு சம்பாதிக்கிறேன் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் டயரும் செயினும் போன மாதத்தில் தேய்ந்தவை அல்ல. பூட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டே வந்தன. அதற்கான பில்தான் போன மாதம் வந்தது. ஆகவே அதைப் போன மாதத்தின் நஷ்டமாக எழுதுவதும் தவறு, அதற்கு முந்தைய மாதங்களின் வருமானத்தை முழு வருமானமாக எண்ணியதும் தவறு. இதைச் சரிசெய்ய, செலவுகளை மாதத்தோடு கட்டாமல் கிலோமீட்டரோடு கட்ட வேண்டும். அதற்கு வேண்டிய கருவி உங்கள் வண்டியிலேயே இருக்கிறது, அது ஓடோமீட்டர்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நேரத்தையும் ஓடோமீட்டர் எண்ணையும், திரும்பி வந்ததும் அதே இரண்டையும், அன்றைய மொத்த வரவையும் எழுதுங்கள். ஊக்கத்தொகையும் வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் டிப்ஸும் வரவில் சேர வேண்டும். பெட்ரோல் போடும்போது எத்தனை லிட்டர், ஓடோமீட்டரில் எவ்வளவு என்று எழுதுங்கள். சொந்த வேலைக்கு ஓட்டிய தூரத்தைத் தனியே குறியுங்கள். இப்படி நான்கு வாரம் தவறாமல் எழுதினால் கணக்குப் போடப் போதுமான விவரம் கிடைத்துவிடும். ஒரு வாரக் குறிப்பை வைத்து முடிவுக்கு வருவதை நான் ஏற்பதில்லை. ஒரே ஒரு நல்ல ஊக்கத்தொகையோ இரண்டு நாள் தொடர் மழையோ அந்த வாரத்தின் எண்ணை முழுவதும் திருப்பிவிடும்.

முறையைச் சொல்வதைவிட ஒரு கணக்கைக் காட்டுவது பயன்படும். என்னிடம் கணக்குப் பார்க்க வந்த டெலிவரி ஊழியர் ஒருவர் இப்படி எழுதிவைத்த நான்கு வாரக் குறிப்பை எடுத்துக்கொள்கிறேன். விலைகள் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையை 100 என்று வைத்து, மற்ற எல்லாத் தொகைகளையும் அதே அளவுகோலுக்கு மாற்றித் தருகிறேன். உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் பொருத்திக்கொள்ளுங்கள்.

அவருடைய நான்கு வார வரவு 36,000. செயலி அவருக்குக் காட்டிய வேலை நேரம் 168 மணி. ஓடோமீட்டர்படி வண்டி ஓடிய தூரம் 3,120 கிலோமீட்டர்; அதில் சொந்த உபயோகம் 120 போக, வேலைக்காக ஓடியது 3,000. செயலி கணக்கில் இருந்ததோ 1,950 கிலோமீட்டர்தான். பொருளை எடுத்த இடத்திலிருந்து கொடுக்கும் இடம் வரையிலான தூரத்தை மட்டுமே அது எண்ணியிருந்தது. வீட்டிலிருந்து வேலைப் பகுதிக்குப் போவது, ஆர்டரை எடுக்கக் கடைக்குப் போவது, கொடுத்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்புவது என்று மீதி 1,050 கிலோமீட்டருக்கும் பெட்ரோலும் டயரும் அவருடையவை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இந்தத் தூரம் அவர் பழைய கணக்கில் எங்குமே இல்லை.

பெட்ரோலை அளக்க, முதல் நாள் டேங்கை நிரப்புங்கள். பம்ப் தானாக நிற்கும் முதல் இடத்தோடு நிறுத்திவிடுங்கள். இடையில் எத்தனை முறை எவ்வளவு போட்டாலும் லிட்டரை எழுதிவாருங்கள். நான்காவது வார முடிவில், முடிந்தால் அதே பெட்ரோல் பங்கில், வண்டியை அதே விதமாக நிறுத்தி, மறுபடியும் அதே இடம் வரை நிரப்புங்கள். முதல் நிரப்புதலை விட்டுவிட்டு, அதற்குப் பின் போட்ட எல்லா லிட்டர்களையும் கூட்டினால் அதுதான் நீங்கள் எரித்த பெட்ரோல். ஒரே ஒரு டேங்கை வைத்து மைலேஜ் பார்ப்பவர்கள் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. நிரப்பும் மட்டத்தில் அரை லிட்டர் வித்தியாசம் வருவது சாதாரணம். ஐந்து லிட்டர் கணக்கில் அது பத்து சதவீதப் பிழை, அறுபது லிட்டர் கணக்கில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மேலே சொன்னவர் 65 லிட்டரில் 3,120 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார், லிட்டருக்கு 48. ஆகவே வேலைக்கு எரிந்தது 62.5 லிட்டர், செலவு 6,250, கிலோமீட்டருக்கு 2.08.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. இந்த எண்ணை மாதாமாதம் எழுதிவந்தால் அது வண்டியின் உடல்நிலையையும் சொல்லும். ஓட்டும் பகுதி மாறாமலிருக்க, 48 இருந்தது 44 ஆகிவிட்டால், டயரில் காற்று குறைந்திருக்கிறதா, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா, செயின் வறண்டிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் முதல் மூன்றும் பெட்ரோலைத் தின்பதோடு உதிரி பாகத்தையும் தின்பவை.

இனி தேய்மானம். எந்தப் பாகமானாலும், மாற்றும் செலவை, கூலியோடு சேர்த்து, அது தாங்கும் கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். அவர் வண்டியில் எஞ்சின் ஆயில் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, செலவு 450, கிலோமீட்டருக்கு 0.15. பின் டயர் 2,000 விலையில் 16,000 கிலோமீட்டர் தாங்கியது; 0.125. செயின் ஸ்ப்ராக்கெட் செட் 1,500, தாங்கியது 20,000, 0.075. முன் டயர், பிரேக் ஷூ, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கேபிள்கள் எல்லாம் சேர்ந்து 0.25. ஆக 0.60. தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத எண்கள்தாம். ஆனால் 3,000 கிலோமீட்டருக்கு அவை 1,800 ஆகின்றன. வண்டி பழையதாகும்போது வரும் கிளட்ச் பிளேட், வீல் பேரிங், ஃபோர்க் ஆயில் சீல் போன்ற பெரிய வேலைகளுக்கென்று, 60,000 கிலோமீட்டருக்குள் 12,000 செலவாகும் என்ற மதிப்பில் 0.20 சேர்த்தோம்.

பாகம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது உங்கள் சாலையையும் சுமையையும் கையையும் பொறுத்தது. பிறர் சொல்லும் எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம். இப்போது புதிதாகப் போட்ட பின் டயரை வைத்தே தொடங்கலாம். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். அவைதாம் தேய்மானக் குறி, ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்தால் டயரை மாற்றியாக வேண்டும். அந்தக் குறிக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் ரப்பர் இருக்கிறது என்று டயரின் நடுப்பகுதியில் அளந்து எழுதுங்கள். 4,000 கிலோமீட்டருக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடியும் அளங்கள். 4.8 மில்லிமீட்டர் இருந்தது 3.6 ஆகியிருந்தால், 4,000 கிலோமீட்டருக்கு 1.2 போயிருக்கிறது, மொத்த ஆயுள் சுமார் 16,000. மற்ற பாகங்களுக்கு, மாற்றும் ஒவ்வொரு முறையும் பில்லின் மேலேயே ஓடோமீட்டர் எண்ணை எழுதிவிடுங்கள். அதே பாகத்தை இரண்டாம் முறை மாற்றும்போது உங்கள் சொந்த எண் கிடைத்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தேய்மானம் வண்டியின் விலையே. அவர் 90,000க்கு வாங்கிய வண்டியை 60,000 கிலோமீட்டரில் விற்றால் 30,000 கிடைக்கும் என்று, அதே வகைப் பழைய வண்டிகள் விலைபோவதை விசாரித்து மதிப்பிட்டார். குறைவது 60,000; கிலோமீட்டருக்கு சரியாக 1.00. டயர், செயின், ஆயில் எல்லாவற்றின் கூட்டைவிட இது அதிகம். இதற்கு மட்டும் பில் எப்போதும் வருவதில்லை என்பதால் இதை விட்டுவிடாதவர்கள் மிகக் குறைவு.

உங்கள் கடன் தவணைக்கு வருகிறேன், ஏனெனில் இங்கேதான் அக்கறையோடு கணக்கு எழுதுகிறவர்களும் தடுமாறுகிறார்கள். தவணையில் இரண்டு பகுதிகள் உண்டு: அசல், வட்டி. அசல் என்பது வண்டியின் விலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பது. அந்த விலை குறைவதைத்தான் கிலோமீட்டருக்கு 1.00 என்று ஏற்கெனவே எழுதிவிட்டோம். முழுத் தவணையையும் செலவாக எழுதினால் ஒரே வண்டிக்கு இரண்டு முறை பணம் கொடுத்ததாக ஆகும். உங்கள் மணி வருமானம் உண்மையைவிட மிகக் குறைவாகத் தெரியும். வட்டியை மட்டும் செலவில் சேருங்கள். கடன் கொடுத்தவரிடம் தவணை அட்டவணையைக் கேட்டால் ஒவ்வொரு மாதமும் வட்டி எவ்வளவு என்று தனியாக இருக்கும். தவணை கட்டக் கையில் பணம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதுவும் முக்கியமான கேள்விதான். ஆனால் வேலை எவ்வளவு சம்பாதித்துத் தருகிறது என்ற கேள்வியோடு அதைக் கலக்கக் கூடாது. என்னிடம் வந்தவருக்குக் கடன் இல்லை.

கிலோமீட்டரைப் பொறுத்து மாறாத செலவுகளும் சில உண்டு: காப்பீடு, போன் டேட்டா, போனின் பேட்டரி தேய்வது, மழைக்கோட்டு, பை போன்றவை. ஆண்டுச் செலவை 13ஆல் வகுத்தால் நான்கு வாரத்துக்கான பங்கு வரும். அவருக்கு இது 750.

அடுத்தது மணிக்கணக்கு. செயலி காட்டிய 168 மணியில், ஆர்டருக்காகச் சாலையோரம் காத்திருந்த நேரம் முழுவதும் விடுபட்டிருந்தது. வீட்டிலிருந்து போகும், திரும்பும் நேரமும் இல்லை. பட்டறையில் வண்டியை விட்டு உட்கார்ந்திருந்த இரண்டு அரை நாட்களும் இல்லை. நோட்டுப் புத்தகத்தின்படி மொத்தம் 240 மணி. இடைவேளைகளைக் கழிக்கலாமா என்று அவர் கேட்டதற்கு ஓர் எளிய அளவுகோல் சொன்னேன்: அந்த நேரத்தில் ஆர்டர் வந்திருந்தால் எடுத்திருப்பீர்களா? எடுத்திருப்பேன் என்றால் அது வேலை நேரம். செயலியை அணைத்துவிட்டுச் சாப்பிட்டதோ தூங்கியதோ ஆனால் கழித்துக்கொள்ளலாம். 240 என்பது அப்படிக் கழித்த பிறகு வந்த எண்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். பெட்ரோல் 6,250. தேய்மானம் கிலோமீட்டருக்கு 0.60, 0.20, 1.00 ஆக 1.80, 3,000 கிலோமீட்டருக்கு 5,400. மாறாச் செலவு 750. மொத்தம் 12,400. வரவில் மிஞ்சுவது 23,600. அதை 240ஆல் வகுத்தால் மணிக்கு 98. பெட்ரோலை மட்டும் கழித்து 168ஆல் வகுக்கும் பழைய கணக்கில் அவருக்கு மணிக்கு 177 என்று வந்திருந்தது. உண்மையான வருமானம் அதில் பாதியைவிடச் சற்றே அதிகம்.

இந்த 98ஐவிட அவருக்கு அதிகம் உதவிய எண், கிலோமீட்டருக்கு 3.88 என்ற ஓட்டச் செலவு. பெட்ரோல் 2.08, தேய்மானம் 1.80, கிட்டத்தட்டச் சமம். அதாவது, பெட்ரோலுக்கு எவ்வளவு கொடுக்கிறோமோ ஏறத்தாழ அதே தொகையை வண்டி வெளியே தெரியாமல் இழந்துகொண்டிருந்தது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்டரைப் பார்த்தால் அதன் முகமே மாறிவிடும். 80 தரும் ஓர் ஆர்டர், எடுக்கப் போவது, கொடுப்பது, திரும்புவது எல்லாம் சேர்த்து 14 கிலோமீட்டர், 50 நிமிடம் என்று வையுங்கள். ஓட்டச் செலவு 54, மிஞ்சுவது 26, மணிக்கு 31. இன்னொன்று 50தான் தருகிறது, ஆனால் மொத்தமே 4 கிலோமீட்டர், 20 நிமிடம். செலவு 15.5; மிஞ்சுவது 34.5, மணிக்கு 103. திரையில் பெரிதாகத் தெரிந்த 80தான் இரண்டில் மோசமானது. ஆர்டரை மறுத்தால் ஊக்கத்தொகை பறிபோகும் என்ற விதி உங்களுக்கு இருந்தால், அந்த இழப்பையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்; சில நாட்களில் மோசமான ஆர்டரை எடுப்பதே சரியாக இருக்கும்.

அதே நோட்டிலிருந்து வேளைவாரியாகவும் பிரித்துப் பார்த்தோம். பிற்பகலில் ஆர்டர் குறைந்த இரண்டு மணி நேரம், 24 நாட்களுக்கு 48 மணி. அதில் வந்தது 3,400. ஓடியது 420 கிலோமீட்டர். ஓட்டச் செலவைக் கழித்தால் மணிக்கு 37தான். மற்ற 192 மணியில், அதே முறையில், மணிக்கு 118 நெருங்கியது. பிற்பகலில் வீட்டுக்குப் போய்விடலாமா என்று அவர் உடனே கேட்டார். வீடு 5 கிலோமீட்டர். போய் வர 10, செலவு 39. ஆக அந்த இரண்டு மணி நேர வேலையின் 74ஐ விடுவதோடு 39ஐக் கையிலிருந்தும் கொடுக்க நேரும். வேலைப் பகுதியிலேயே நிழலான இடத்தில் செயலியை அணைத்துவிட்டு ஓய்வெடுத்து, அந்தத் தெம்போடு இரவில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடுவது என்று அவர் தீர்மானித்தார். அது நல்ல முடிவு என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் இரவு நேர எண் வேறாக இருந்தால் உங்கள் முடிவும் வேறாகத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கின் எல்லையையும் சொல்ல வேண்டும். வண்டியின் விலை கிலோமீட்டரால் மட்டும் குறைவதில்லை. நிறுத்திவைத்தாலும் வயதால் குறையும். நான்கு வார மொத்தக் கணக்குக்கு முழு 1.00ஐயும் எடுப்பது சரி. ஆனால் இந்த ஓர் ஆர்டரை எடுப்பதா விடுவதா என்று பார்க்கும்போது, வயதால் எப்படியும் குறையப்போகும் பகுதியை அந்த ஆர்டரின் மேல் ஏற்றுவது நியாயமல்ல. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் தூரத்தின் பங்கே மிகப் பெரியது என்பதால் நான் பிரிக்கவில்லை. குறைவாக ஓட்டுகிறவர்கள், பகுதிநேரமாகச் செய்கிறவர்கள் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அதுபோல, ஏற்கெனவே விலை விழுந்துவிட்ட பழைய வண்டியில் 1.00 என்பது 0.30 ஆகக்கூட இறங்கலாம், ஆனால் பழுதுச் செலவு 0.20இலிருந்து ஏறும். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

கடைசியாக, போன மாதம் உங்களுக்கு நேர்ந்தது மறுபடி நேராமல் இருக்க ஒரு வழி. ஒவ்வொரு வார இறுதியிலும் அந்த வாரம் ஓடிய கிலோமீட்டரை உங்கள் பாகத் தேய்மானத்தாலும் பழுதுச் செலவாலும் பெருக்கி, அந்தத் தொகையை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். மேலே சொன்னவருக்கு அது கிலோமீட்டருக்கு 0.80, வாரத்துக்கு 750 கிலோமீட்டர், ஆக 600. வண்டியின் விலைக்கான 1.00ஐ நீங்கள் இப்போது தனியே எடுத்துவைக்க வேண்டியதில்லை. அசலைக் கட்டுவதன் மூலம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். கடன் முடிந்த மாதத்திலிருந்து அதையும் எடுத்துவையுங்கள். பெட்ரோல் விலை மாறினால் 2.08 என்ற வரியை மட்டும் திருத்தினால் போதும். தேய்மான எண்களை, பாகம் ஒன்றை மாற்றும் அன்று, அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டே திருத்திவிடுங்கள்.